விலை போட்டும் விலை கேட்கிறார்களா? போன் திரையில் விளம்பர வாசகம் வெட்டுப்படும் கோளாறுகளும் சரிசெய்யும் வழியும்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் சிறு கடைகளுக்கும் பண்ணைகளுக்கும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரம் போட்டுக் கொடுப்பது என் வேலை. படம் சரியில்லை, பட்ஜெட் போதவில்லை, தவறான ஆட்களுக்குப் போகிறது என்று பல காரணங்களோடு வருகிறார்கள். எடுத்துப் பார்த்தால் பாதி நேரம் கோளாறு ஒரே இடத்தில்தான் இருக்கிறது. Primary text என்ற கட்டத்தில் எழுதும் வாசகத்தில் முக்கியமான செய்தி கீழே கிடக்கும். போனில் அது தெரிவதற்கு முன்பே வாசகம் வெட்டுப்பட்டு, மூன்று புள்ளியும் See more என்ற சொல்லும் வந்துவிடும்.

எந்த அறிகுறி உங்கள் விளம்பரத்தில் தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் எல்லோரும் செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு. விளம்பரத்தின் முன்னோட்டத்தைக் கணினியில் பார்க்காதீர்கள், போனில் திறந்து பாருங்கள். See more-ஐத் தொடாமல் அப்படியே வீட்டிலோ கடையிலோ விஷயம் தெரியாத ஒருவரிடம் நீட்டுங்கள். என்ன விற்கிறார்கள், எவ்வளவு, நாம் என்ன செய்யவேண்டும் என்று மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் கேள்விக்கு அவர் தயங்குகிறாரோ அந்தப் பதில் வெட்டுக்குக் கீழே இருக்கிறது.

அறிகுறி: வாசகத்தில் இருப்பதையே எல்லோரும் கேட்கிறார்கள்

போச்சம்பள்ளி வட்டம் சந்தூர்ப் பக்கம் மாங்கன்றுப் பண்ணைகள் நிறைய. அங்கே ஒரு பண்ணைக்காரர் விளம்பரம் போட்டு நாலு நாள் ஆனதும் போனை எடுத்துக்கொண்டு வந்தார். வாட்ஸ்அப்பில் செய்தி வராமல் இல்லை, வந்துகொண்டுதான் இருந்தது. "எல்லாமே போட்டிருக்குது தம்பி. விலை, ரகம், இடம், போன் நம்பர் வரைக்கும். ஆனா வர்றவங்க எல்லாரும் விலை என்னன்னே கேக்கறாங்க. ஒருத்தர் பெட்டி எவ்வளவுன்னு கேக்கறாரு. நான் பழமா விக்கறேன்?" என்றார்.

அவர் எழுதியிருந்த வாசகத்தின் தொடக்கம் இது:

"அன்பார்ந்த விவசாயப் பெருமக்களுக்கு எங்கள் பணிவான வணக்கங்கள்!

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி வட்டம் சந்தூர் பகுதியில் கடந்த 20 ஆண்டுகளாக இயங்கி வரும் எங்கள் நாற்றுப்பண்ணையில் தாய்மரத்திலிருந்து ஒட்டுக் கட்டப்பட்ட தரமான மாங்கன்றுகள் கிடைக்கும்..."

அதற்குக் கீழே ரகங்கள், விலை, வண்டி வசதி எல்லாம் வரிசையாக இருந்தன. அவரது போனிலேயே ஃபேஸ்புக்கில் திறந்து பார்த்தோம். வணக்கம் முதலிரண்டு வரியைப் பிடித்துக்கொண்டது. அடுத்தது வெற்று வரி. அத்தோடு See more. கன்று என்ற சொல்லே திரையில் இல்லை. கீழே பழுத்த மாம்பழப் படம். பார்த்தவர் பழ வியாபாரம் என்று நினைத்துப் பெட்டி விலை கேட்டதில் தவறே கிடையாது.

2019 ஆகஸ்டில் ஃபேஸ்புக் மொபைல் ஃபீடில் விளம்பர வாசகம் தெரியும் அளவை மூன்று வரியாகச் சுருக்கியது. அதற்கு முன் ஏழு வரி வரை தெரிந்தது. நம் ஊர் விளம்பர வாசகங்கள் இன்னும் அந்தப் பழைய ஏழு வரிக் கணக்கிலேயே, சொல்லப்போனால் நோட்டீஸ் அச்சடிக்கும் கணக்கிலேயே, எழுதப்படுகின்றன. நோட்டீஸைக் கையில் வாங்கியவர் முழுத்தாளையும் ஒரே பார்வையில் பார்ப்பார். ஃபீடில் வருபவர் விரலால் தள்ளிக்கொண்டே போகிறார், அவருக்குத் தாளின் மேல் விளிம்பு மட்டுமே தெரிகிறது.

இதைச் சரிசெய்ய வாட்ஸ்அப்பில் வந்த கடைசி இருபது உரையாடல்களை எடுத்தோம். ஒவ்வொருவரும் கேட்ட முதல் கேள்வியை மட்டும் ஒரு தாளில் எழுதினோம். விலை, என்ன ரகம், பண்ணை எங்கே, ஊருக்கு அனுப்புவீர்களா. இந்த நான்கும் திரும்பத் திரும்ப வந்தன. எத்தனை ஆண்டு அனுபவம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்தத் தாளே புதிய வாசகத்துக்கு வரிசை சொல்லிக் கொடுத்துவிட்டது:

"ஒட்டு மாங்கன்று 80 ரூபாய். பெங்களூரா, செந்தூரா, அல்போன்சா. சந்தூர்ப் பண்ணையில் வந்து எடுக்கலாம். 100 கன்றுக்கு மேல் வண்டியில் அனுப்புவோம்."

பழைய வாசகத்தில் இருந்த மற்ற எதையும் நாங்கள் தூக்கிப் போடவில்லை. தாய்மர விவரம், 20 ஆண்டு, நடும் முறை எல்லாம் இதற்குக் கீழே அப்படியே இருக்கின்றன. வாசகம் நீளமாக இருப்பது தவறு என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. See more-ஐத் தொட்டுத் திறந்து படிப்பவர் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர். ஐந்து ஏக்கருக்குக் கன்று எடுக்க நினைப்பவர் பத்து வரி படிக்கத் தயங்கமாட்டார், அவருக்கு விவரம் வேண்டும். அந்தப் பத்து வரியும் மேலே இருக்கும் மூன்று வரியை மறைக்காமல் இருந்தால் போதும்.

பண்ணைக்காரருக்கு ஒரு வருத்தம் இருந்தது. "வணக்கம் சொல்லாம எப்படி தம்பி ஆரம்பிக்கறது? மரியாதையா இருக்காதே." நியாயமான வருத்தம்தான். அந்த வணக்கத்தை வாட்ஸ்அப் உரையாடல் திறந்தவுடன் தானாகப் போகும் வரவேற்புச் செய்தியில் வைத்தோம். வீட்டு வாசலுக்கு வந்தவரிடம்தான் வணக்கம் சொல்லுவோம். ரோட்டில் பஸ்ஸில் போகிறவருக்கு முதலில் பெயர்ப்பலகை தெரியவேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். விலை முதல் வரியில் தெளிவாக இருந்தும் "கடைசி விலை சொல்லுங்க" என்று வந்தால் அது பேரம், வெட்டுக் கோளாறு இல்லை. அதற்கு வாசகத்தை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். விலை ரகத்துக்கு ரகம் மாறுகிறது என்பதால் விலையே போடாமல் விடுவதும் சரியாக வராது. "80 ரூபாயிலிருந்து" என்று போட்டு, ரக வாரியாக விலையைக் கீழே கொடுக்கலாம்.

அறிகுறி: 125 எழுத்து எண்ணித்தான் எழுதினேன், அப்படியும் வெட்டுகிறது

விளம்பரம் போடுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் கணக்கு 125 எழுத்து. பல ஆண்டுகளாகப் பரிந்துரையாகச் சுற்றி வருகிறது. அது எல்லைக்கோடு இல்லை. அதற்கு மேலும் எழுதலாம், ஏற்றுக்கொள்ளும். அதற்குள் எழுதினால் முழுவதும் தெரியும் என்ற உறுதியும் கிடையாது. தமிழுக்கு இந்த எண்ணை அப்படியே எடுத்தால் இரண்டு இடத்தில் இடறும்.

முதல் இடம், எண்ணும் முறை. நாம் கிருஷ்ணகிரி என்பதை கி, ரு, ஷ், ண, கி, ரி என்று ஆறு எழுத்தாக எண்ணுவோம். கணினி 11 என்று எண்ணும். க ஒன்று, இகரக் கொக்கி ஒன்று, புள்ளி ஒன்று என்று தனித்தனியாக எடுத்துக்கொள்ளும். தருமபுரி நமக்கு ஐந்து, கணினிக்கு 8. மேலே பார்த்த வணக்க வரி மட்டும் கணினிக் கணக்கில் 60. இரண்டு வரி முறிப்பையும் சேர்த்து 62. "கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி வட்டம் சந்தூர்" என்பது 48. ஆக 110 ஆகிவிட்டது, இன்னும் பொருளின் பெயர் வரவில்லை.

இரண்டாவது இடம், அகலம். வெட்டுவது எழுத்தின் எண்ணிக்கையைப் பார்த்து இல்லை, வரியைப் பார்த்து. ஆங்கிலத்தின் i, l, t எல்லாம் ஒல்லியான எழுத்துகள். நம் ணை, ஞ, னா எல்லாம் இடம் பிடிப்பவை. நம் சொற்களும் நீளம். வரி ஓரத்தில் "பெருமக்களுக்கு" போன்ற ஒரு சொல் கொள்ளவில்லை என்றால் அது முழுதாக அடுத்த வரிக்கு இறங்கும், மேலே கால்வாசி வரி காலியாக நிற்கும். இதனால் ஒரே 125-க்குள் எழுதிய இரண்டு தமிழ் வாசகங்களில் ஒன்று முழுதாகத் தெரிந்து மற்றொன்று வெட்டுப்படலாம்.

அதோடு, போன் அமைப்பில் எழுத்தளவைப் பெரிதாக வைத்திருப்பவர்கள் உண்டு. கண்ணாடி போடும் வயதுக்காரர்கள் பலரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். மாங்கன்று வாங்குபவர்களும் பெரும்பாலும் அந்த வயதுதான். என் மேசையில் பழைய சின்னத் திரைப் போன் ஒன்றை எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருக்கிறேன். எந்த வாசகமும் கடைசியாக அந்தப் போனில்தான் தேறவேண்டும்.

எனவே எண்ணிக்கையை விட்டுவிட்டு வரியைப் பாருங்கள். செய்யவேண்டிய வேலை சிறியதுதான். முதல் மூன்று வரிக்குள் வெற்று வரி இருந்தால் எடுத்துவிடுங்கள், அது ஒரு வரியைத் தின்கிறது. எமோஜி வரிசை, நட்சத்திரக் கோடு, கடைப் பெயர் ஆகியவற்றையும் மேலிருந்து எடுங்கள். கடைப் பெயரை விளம்பரத்தின் மேலேயே பக்கத்தின் பெயராகக் காட்டுகிறார்கள், வாசகத்தில் மறுபடி வேண்டாம். பிறகு முக்கியமான செய்தியை முதல் ஒன்றரை வரிக்குள் முடியுங்கள். மூன்று வரி தெரிகிறது என்பதற்காக மூன்றையும் நம்பி எழுதினால் பெரிய எழுத்துப் போனில் மாட்டிக்கொள்வோம்.

இன்ஸ்டாகிராமில் இன்னும் கொஞ்சம் இறுக்கம். அங்கே வாசகம் படத்துக்குக் கீழே வரும், அதே வரியின் தொடக்கத்தில் கணக்கின் பெயரும் உட்கார்ந்துகொள்ளும். கணக்குப் பெயரே இருபது எழுத்து நீளம் என்றால் முதல் வரியில் பாதி போனது. அதனால்தான் "ஒட்டு மாங்கன்று 80 ரூபாய்." என்ற துண்டை முதலில் வைத்தேன். கணினிக் கணக்கில் 26. எந்தத் திரையிலும் தப்பிக்கும்.

அறிகுறி: சொன்னதற்கு நேர்மாறாகப் புரிந்துகொள்கிறார்கள்

இது தமிழில் எழுதுபவர்களுக்கே உரிய கோளாறு. விளம்பரம் பற்றி ஆங்கிலத்தில் வரும் குறிப்புகள் எதிலும் இதைப் பார்க்கமாட்டீர்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தருமபுரியில் வீட்டில் ராகி பிஸ்கட் செய்து விற்கும் ஓர் அக்கா. அவர் எழுதியது: "எங்கள் ராகி பிஸ்கட்டில் மைதா, வெள்ளைச் சர்க்கரை, வனஸ்பதி, செயற்கை நிறம், பதப்படுத்தும் ரசாயனம் என்று எதையும் நாங்கள் சேர்ப்பதில்லை." படிக்க நல்ல வாக்கியம். போனில் "செயற்கை நிறம்" என்ற இடத்தில் வெட்டு விழுந்தது. திரையில் மிஞ்சியது: எங்கள் ராகி பிஸ்கட்டில் மைதா, வெள்ளைச் சர்க்கரை, வனஸ்பதி, செயற்கை நிறம். கீழே ஒருவர் கருத்து எழுதியிருந்தார்: "இவ்வளவும் போட்டா அப்புறம் எதுக்கு ராகி?"

தமிழில் வினை கடைசியில் வரும். உண்டா இல்லையா, செய்வோமா மாட்டோமா என்பதை வாக்கியத்தின் கடைசிச் சொல்லே சொல்லும். அடைமொழிகளும் நிபந்தனைகளும் அதற்கு முன்னால் வரிசைகட்டி நிற்கும். ஆங்கிலத்தில் "நாங்கள் சேர்ப்பதில்லை" என்ற பகுதி தொடக்கத்திலேயே வந்துவிடும், வெட்டு விழுந்தாலும் பட்டியலின் வால்தான் போகும். நமக்கு வெட்டு விழுந்தால் தலையே போகிறது. அவர்கள் சொல்லும் அறிவுரையை நம் வாக்கியத்துக்கு அப்படியே பொருத்த முடியாததற்கு இதுதான் காரணம்.

வழி, நீண்ட வாக்கியத்தை உடைத்து, ஒவ்வொரு துண்டும் தானாக முடியும்படி எழுதுவது. "மைதா இல்லை. வெள்ளைச் சர்க்கரை இல்லை. ராகியும் நாட்டுச்சர்க்கரையும்தான்." இதில் எந்தச் சொல்லுக்குப் பிறகு வெட்டு விழுந்தாலும் பாருங்கள், முன்னால் முடிந்த துண்டு உண்மையையே சொல்கிறது. இரண்டு மூன்று சொல்லில் "இல்லை" வந்துவிடுகிறது. எழுதியபின் ஒரு சோதனை: வாசகத்தின் ஒவ்வொரு ஐந்தாவது சொல்லிலும் விரலை வைத்து, அதற்குப் பின்னால் உள்ளதை மறைத்து வாசியுங்கள். எங்காவது தவறான பொருள் வந்தால் அந்த இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள்.

இதே கோளாறின் இன்னொரு முகம், நிபந்தனை கீழே போய்விடுவது. "டெலிவரி இலவசம்" என்பது மேலே தெரிந்து, "100 கன்றுக்கு மேல் எடுத்தால்" என்பது வெட்டுக்குக் கீழே போனால், பத்துக் கன்று கேட்டு வந்தவர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். அவர் கோபம் நியாயமானது. நிபந்தனையை முன்னால் வையுங்கள்: "100 கன்றுக்கு மேல் டெலிவரி இலவசம்." இதற்குத் தமிழின் வரிசை நமக்கு உதவுகிறது, நிபந்தனை இயல்பாகவே முதலில் வந்து நிற்கும். இரண்டுக்கும் சேர்ந்து முதல் இரண்டு வரியில் இடமில்லை என்றால் இலவசம் என்ற சொல்லையும் சேர்த்தே கீழே இறக்கிவிடுங்கள். பாதி உண்மையை மேலே விடக்கூடாது.

அறிகுறி: ஃபீடில் சரியாக இருக்கிறது, ரீல்ஸில் ஒன்றும் தெரியவில்லை

ரீல்ஸில் வாசகம் காணொளியின் மேலேயே, அடிப்பக்கத்தில், சின்னதாக ஓரிரு வரி மட்டும் வரும். இங்கே பரிந்துரைக்கப்படும் எண் 72, அதுவும் ஆங்கிலக் கணக்கு. இங்கே வாசகத்தை நம்புவதைவிடச் செய்தியைக் காணொளிக்குள்ளேயே எழுத்தாகப் போட்டுவிடுவதுதான் சரி. போடும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: விலையை அடியில் போடுவது. கீழ் 35 சதவீதத்தையும் மேல் 14 சதவீதத்தையும் காலியாக விடச் சொல்லி மெட்டாவே வழிகாட்டுகிறது. கணக்குப் பெயர், வாசகம், பட்டன் எல்லாம் கீழே வந்து மூடிக்கொள்ளும். விலை நடுவில் இருக்கட்டும்.

ஆட்ஸ் மேனேஜரில் விளம்பரம் தோன்றும் இடத்துக்கு ஏற்பப் படத்தையும் வாசகத்தையும் தனியாக மாற்றிக்கொள்ள முடியும். ரீல்ஸ், ஸ்டோரி ஆகியவற்றுக்கு முதல் துண்டை மட்டும் வைத்து ஒரு சின்ன வாசகம் கொடுங்கள். ஃபீடுக்கு நீளமானது இருக்கட்டும்.

அறிகுறி: நான் முதலில் எழுதியது முதலில் வரவில்லை

Primary text-க்கு ஐந்து வாசகம் வரை கொடுக்கலாம், எதை யாருக்குக் காட்டுவது என்று அமைப்பே தேர்ந்துகொள்ளும். சிலர் இதைத் தொடர்ச்சி என்று நினைத்து முதல் கட்டத்தில் பொருளையும் இரண்டாவதில் விலையையும் மூன்றாவதில் இடத்தையும் எழுதுகிறார்கள். பார்ப்பவருக்கு அதில் ஒன்றுதான் போகிறது. விலை இல்லாத விளம்பரம் ஒருவருக்கு, பொருள் இல்லாத விளம்பரம் இன்னொருவருக்கு. ஐந்தும் தனித்தனியாக முழுச் செய்தி சொல்லவேண்டும், அல்லது ஒன்றே போதும். வாசகத்தையும் தலைப்பையும் இடம் மாற்றிக் காட்டும் வசதி இயங்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். தமிழ் வாசகத்துக்கு நான் அதை நிறுத்திவிடுவேன்.

அறிகுறி: வாசகத்தைத் திருத்தியதும் விளம்பரம் படுத்துவிட்டது

ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரத்தில் வாசகத்தை மாற்றினால் அது மறுபடி பரிசீலனைக்குப் போகும், யாருக்குக் காட்டினால் பலன் வரும் என்று அமைப்பு கற்றுக்கொள்ளும் கட்டமும் முதலிலிருந்து தொடங்கும். அந்தக் கட்டம் முடிய ஒரு வாரத்தில் சுமார் 50 முடிவுகள் வேண்டும். வாட்ஸ்அப் விளம்பரம் என்றால் 50 உரையாடல்கள். இதுவரை வந்த விருப்பங்களும் கருத்துகளும்கூடப் புதிய வாசகத்தோடு வராமல் போகும். அதனால் பழையதைத் தொடாமல் நகல் எடுத்து, நகலில் மட்டும் முதல் மூன்று வரியை மாற்றுங்கள். புதிதாக ஒன்றைச் சேர்ப்பதும் அந்த விளம்பரத் தொகுப்பைக் கற்கும் கட்டத்துக்குத் திரும்ப அனுப்பும்தான். ஆனாலும் பழைய விளம்பரமும் அதன் கருத்துகளும் கையில் இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க முடியும். முதல் இரண்டு மூன்று நாள் எண்களை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஒரு வாரம் விடுங்கள். படத்தையும் அதே நேரத்தில் மாற்றவேண்டாம், மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

சந்தூர்ப் பண்ணைக்கு அப்படித்தான் செய்தோம். மாம்பழப் படத்தை அப்படியே விட்டோம், வாசகம் மட்டும் மாறியது. ஒரு வாரம் கழித்து மறுபடி இருபது உரையாடல்களை எடுத்து முதல் கேள்விகளை எழுதினோம். பெட்டி விலை கேட்டவர் யாரும் இல்லை. ஊத்தங்கரையிலிருந்து ஒருவர், போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு, பெங்களூரா வருமா என்று கேட்டிருந்தார். அரூரிலிருந்து ஒருவர் மழைக்கு முன் நடுவதா பின் நடுவதா என்று கேட்டிருந்தார். பண்ணைக்காரர் இரண்டுக்கும் நிறுத்தி நிதானமாகக் குரல் பதிவு போட்டு அனுப்பினார். அவர் சொன்ன அந்தப் பதில்களைச் சுருக்கி, See more-க்குக் கீழே ஐந்தாவது வரியில் சேர்த்துவிட்டோம்.